மெய்யான நேர்ப் பிம்பம்: ஆடி, லென்சு கணக்குகளில் குறியும் கோடும்

பாலவாக்கத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டுக் கடல் பக்கம் திரும்பும் தெரு ஒன்றில், ஒரு வீட்டு மாடி அறையில் மாலை வேளைகளில் இயற்பியல் சொல்லித் தருகிறேன். கதிர் ஒளியியல் பாடம் முடிந்ததும் ஒரு சிறு தேர்வு வைப்பது வழக்கம். முதல் கணக்கு எப்போதும் எளிதாகவே இருக்கும். குவியத் தூரம் 15 செ.மீ. உள்ள குழியாடி, அதன் முன்னால் 10 செ.மீ. தூரத்தில் 2 செ.மீ. உயரமுள்ள பொருள். பிம்பம் எங்கே விழும், எப்படி இருக்கும், எவ்வளவு உயரம்?

ஒரு விடைத்தாளில் இப்படி இருந்தது:

1/v + 1/10 = 1/15
1/v = 1/15 − 1/10 = −1/30
v = −30 செ.மீ.
m = −v/u = 30/10 = +3

அதற்குக் கீழே விளக்கம்: "v மைனஸ் என்பதால் பிம்பம் ஆடிக்கு முன்னால் விழுகிறது, எனவே மெய் பிம்பம். m பிளஸ் என்பதால் நேரான பிம்பம். உயரம் 6 செ.மீ."

30 சரி. 3 சரி. 6 சரி. கூட்டல் கழித்தலில் ஒரு பிழையும் கிடையாது. ஆனால் மேசை மேல் வைத்த ஒரு பொருளுக்கு ஒரே ஒரு ஆடி மெய்யான, அதே சமயம் நேரான பிம்பத்தைத் தரவே தராது. எழுதியவர் அந்த இரண்டு சொற்களையும் அடுத்தடுத்த வரியில் எழுதிவிட்டு, அவை ஒன்றோடொன்று மோதுவதைக் கவனிக்காமல் அடுத்த கணக்குக்குப் போயிருந்தார். எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் விடை எப்படித் தவறாகிறது என்று தேடிப் போனால், ஆடி, லென்சு கணக்குகளில் நடக்கும் குளறுபடிகளில் பெரும்பகுதிக்கு வேர் அங்கேயே கிடைக்கிறது.

இரண்டு மரபுகள், ஒரே சூத்திரம்

தமிழ்நாட்டு அரசுப் பாடநூலும் என்.சி.இ.ஆர்.டி. நூலும் பின்பற்றுவது கார்டீசியன் குறியீட்டு மரபு. அதன் விதிகளை ஐந்து ஆறு வரிகளாக மனப்பாடம் செய்கிறார்கள். உண்மையில் அதில் ஒரே ஒரு எண்கோடுதான் இருக்கிறது. ஆடிமுனையோ லென்சின் ஒளியியல் மையமோ பூஜ்யம். படுகதிர் எந்தத் திசையில் போகிறதோ அந்தத் திசை பிளஸ். அதற்கு எதிர்த் திசை மைனஸ். அச்சுக்கு மேலே பிளஸ், கீழே மைனஸ். எல்லாத் தூரத்தையும் பூஜ்யத்திலிருந்தே அளக்க வேண்டும். படத்தில் ஒளி இடமிருந்து வலம் போவதாக வரைவதால், பள்ளியில் படித்த எண்கோடும் இதுவும் ஒன்றாகிவிடுகின்றன.

உலகம் முழுக்க இந்த ஒரு மரபுதான் என்றில்லை. 'மெய் என்றால் பிளஸ், மாயம் என்றால் மைனஸ்' என்று இன்னொரு மரபு இருக்கிறது. அதில் திசைக்கு வேலை இல்லை. ஒளி உண்மையிலேயே கடந்து போகும் புள்ளிக்குத் தூரம் பிளஸ். கோட்டைப் பின்னால் நீட்டித்தால் மட்டும் கிடைக்கும் புள்ளிக்கு மைனஸ். ஒளியைக் குவிக்கும் எந்தக் கருவிக்கும் f பிளஸ். ஜே.இ.இ.க்குப் படிப்பவர்கள் கையில் இருக்கும் ஹாலிடே-ரெஸ்னிக், சியர்ஸ்-ஜெமான்ஸ்கி போன்ற அமெரிக்க நூல்கள் இந்த வழியில்தான் போகின்றன. எச்.சி. வர்மா கார்டீசியன் பக்கம். இரண்டு நூலையும் ஒரே வாரத்தில் புரட்டும் பிள்ளைக்கு இரண்டு மரபும் தலைக்குள் வந்து சேர்கின்றன.

லென்சு கணக்கில் இந்தக் கலப்பு கண்ணில் பட்டுவிடும். ஏனென்றால் சூத்திரமே மாறுகிறது: கார்டீசியனில் 1/v − 1/u = 1/f, மற்றதில் 1/v + 1/u = 1/f. ஆடிக்கு அப்படி இல்லை. இரண்டு மரபிலும் 1/v + 1/u = 1/f என்றுதான் எழுதுகிறோம். எந்த மரபில் நிற்கிறோம் என்பதற்குச் சூத்திரத்தில் ஒரு தடயமும் கிடையாது. பிழை ஒளிந்துகொள்வது இந்த இடத்தில்.

இப்போது அந்த விடைத்தாளைத் திரும்பப் பாருங்கள். மாணவர் 10, 15 என்று குறி இல்லாமலே போட்டார். மெய்-பிளஸ் மரபில் அது முற்றிலும் சரி: பொருள் மெய், எனவே u = +10; குழியாடி குவிப்பது, எனவே f = +15. அங்கே v = −30 என்றால் மாயபிம்பம் என்று பொருள். m = +3 என்றால் நேரானது. மாயமான, நேரான, மும்மடங்கு பெரிய பிம்பம்: சரியான விடை. ஆனால் விடையை வாசிக்கும்போது அவர் கார்டீசியனுக்குத் தாவிவிட்டார். "மைனஸ் என்றால் முன்னால்" என்றார். ஒரு மரபில் போட்டு இன்னொரு மரபில் படித்ததுதான் பிழை.

கார்டீசியனில் தொடக்கம் முதல் முடிவு வரை போனால்:

u = −10, f = −15, v = ?
1/v = 1/f − 1/u = −1/15 + 1/10 = +1/30
v = +30 செ.மீ.
m = −v/u = −30/(−10) = +3

v பிளஸ் என்பதால் பிம்பம் ஆடிக்குப் பின்னால், மாயம். m பிளஸ் என்பதால் நேரானது. இரண்டும் ஒத்துப்போகின்றன.

இதில் முதல் வரிதான் முக்கியம். தெரிந்த எண்களுக்கு அங்கேயே குறி போட்டுவிட வேண்டும். தெரியாத v-க்குக் குறி போடக் கூடாது. "சார், மெய் பிம்பம்னு கேள்வியிலேயே இருக்கே, அப்ப v-க்கு முன்னாடி மைனஸ் போடட்டுமா?" என்று கேட்பார்கள். பிம்பத்தின் தூரம் 30 செ.மீ. என்று எண்ணோடு கொடுத்து, மெய் என்றும் சொல்லியிருந்தால் v = −30 என்று போடலாம்; அது தெரிந்த எண். எண் தெரியாதபோது v என்ற எழுத்துக்குள்ளேயே அதன் குறி அடங்கியிருக்கிறது. நாமும் வெளியே ஒரு மைனஸ் போட்டால் விடை தலைகீழாகிவிடும்.

m-க்கு ஆடியில் −v/u, லென்சில் v/u என்று இரண்டு சூத்திரம் ஏன் என்பதும் இதே எண்கோட்டில் விளங்கிவிடும். இரண்டிலும் மெய்ப் பொருளின் மெய் பிம்பம் தலைகீழாக விழும். m மைனஸாக வர வேண்டும். ஆடியில் பொருளும் மெய் பிம்பமும் ஒரே பக்கம், இரண்டு தூரமும் மைனஸ், v/u பிளஸாகிவிடும். அதனால் முன்னே ஒரு மைனஸ் தேவை. லென்சில் மெய் பிம்பம் மறுபக்கம் விழுகிறது. v/u தானாகவே மைனஸ்.

'குவி' என்ற சொல் செய்யும் குழப்பம்

நம் பிள்ளைகளுக்கு ஆங்கில வழியில் படிப்பவர்களுக்கு இல்லாத ஒரு வசதியும் ஒரு வம்பும் சேர்ந்தே கிடைத்திருக்கின்றன. குவியாடி, குவிலென்சு இரண்டுக்கும் கார்டீசியனில் f பிளஸ். குழியாடி, குழிலென்சு இரண்டுக்கும் மைனஸ். "குவி பிளஸ், குழி மைனஸ்" என்று நாலு சொல்லில் முடிந்துவிடுகிறது. பரீட்சைக்கு முந்தைய இரவில் இது கைகொடுக்கும்.

வம்பு அந்தச் சொல்லின் உள்ளேயே இருக்கிறது. 'குவி' என்றால் மேடாகப் புடைத்திருப்பது என்றும் பொருள். ஒன்று சேர்ப்பது என்றும் பொருள். குவிலென்சு இரண்டு பொருளிலும் குவிதான்: நடுவில் புடைத்திருக்கிறது, ஒளியையும் ஒன்று சேர்க்கிறது. குவியாடி புடைத்திருக்கிறதே தவிர, ஒளியைக் குவிப்பதில்லை, விரிக்கிறது. ஒளியைக் குவிப்பது குழியாடி. 'குவியம்' என்ற சொல்லும் அதே வேரில் இருப்பதால், குவியாடிக்கு முன்னால் ஒளி குவியும் புள்ளி ஒன்று இருக்கிறது என்று நினைத்துப் படம் போடும் பிள்ளைகளை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். ஆடியின் பெயர் அதன் வடிவத்தைச் சொல்கிறது, செயலைச் சொல்லவில்லை என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும்.

சரி, செயல் வேறாக இருந்தும் குவியாடிக்கும் குவிலென்சுக்கும் ஒரே குறி ஏன்? லென்சு ஒளியைத் தன்னூடே அனுப்புகிறது. குவிலென்சின் குவியம் லென்சைத் தாண்டி, ஒளி போகும் திசையில் இருக்கிறது, எனவே பிளஸ். ஆடி ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. குவியாடியில் பட்டு விரியும் கதிர்களைப் பின்னோக்கி நீட்டினால் அவை ஆடியின் பின்புறம் சந்திக்கின்றன. படுகதிர் போய்க்கொண்டிருந்த திசையும் அதுவே. எனவே அதுவும் பிளஸ். குவியம் பூஜ்யத்துக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை மட்டுமே குறி சொல்கிறது. மூக்குக் கண்ணாடிக் கடையில் "பவர் மைனஸ் ரெண்டு" என்று எழுதித் தரும்போதும் பொருள் இதுதான்: அந்தக் குழிலென்சின் குவியம், ஒளி வரும் பக்கத்தில் 50 செ.மீ. தள்ளி இருக்கிறது.

படம் முதலில், கணக்கு பிறகு

நிறையப் பேர் கணக்கைப் போட்டு முடித்து, விடைக்கு ஏற்றபடி ஒரு படத்தைக் கீழே ஒட்டவைக்கிறார்கள். அப்படி வரைந்த படம் கணக்கு சொன்னதையே திருப்பிச் சொல்லும், தவறைக் காட்டிக்கொடுக்காது. முதலில் அளவோடு வரைந்து, பிம்பம் எந்தப் பக்கம், நேரா தலைகீழா, சுமார் எவ்வளவு தூரம் என்று குறித்துவிட்டுத்தான் சூத்திரத்தைத் தொட வேண்டும். இரண்டும் ஒத்துவராவிட்டால் ஏதோ ஒன்று தவறு என்று அப்போதே தெரியும்.

அந்தக் குழியாடிக் கணக்கையே வரைவோம். கோடு போட்ட தாள் போதும். வரைபடத் தாள் இருந்தால் இன்னும் நல்லது. கிடைமட்டத்தில் 1 செ.மீ.க்கு 5 செ.மீ. என்று அளவுத்திட்டம், உயரத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாம். முதன்மை அச்சை நீளமாக ஒரு கோடு. ஆடிமுனையிலிருந்து இடப்பக்கம் 3 செ.மீ.யில் குவியம், 6 செ.மீ.யில் வளைவு மையம், 2 செ.மீ.யில் 2 செ.மீ. உயரத்துக்குப் பொருள்.

ஆடியை எப்படி வரைவது? இங்கேதான் பெரும்பாலான படங்கள் கெட்டுப்போகின்றன. காம்பஸால் அழகாக ஒரு வில் வரைந்து, கதிர் அந்த வில்லில் படும் இடத்திலிருந்து குவியத்துக்குக் கோடு இழுக்கிறார்கள். நிஜமான கோள ஆடியில் அச்சிலிருந்து விலகி விழும் கதிர் குவியத்தின் வழியாகப் போவதில்லை. வளைவு ஆரம் 30 செ.மீ. உள்ள ஆடியில், அச்சுக்கு இணையாக 2 செ.மீ. உயரத்தில் வரும் கதிர் அச்சை 14.97 செ.மீ.யில் வெட்டும், 15 என்றே வைத்துக்கொள்ளலாம். அதே கதிர் 10 செ.மீ. உயரத்தில் வந்தால் 14.09 செ.மீ.யில் வெட்டும், கிட்டத்தட்ட 1 செ.மீ. முன்னதாக. நம் சூத்திரம் அச்சை ஒட்டிப் போகும் கதிர்களுக்கு மட்டுமே பொருந்துவது. அந்தக் கதிர்கள் ஆடியின் நடுவில் ஒரு சிறு பகுதியை மட்டும் தொடுவதால் வளைவு அவற்றுக்குத் தெரியாது. ஆகவே அளவுப் படத்தில் ஆடியை ஆடிமுனை வழியாக ஒரு செங்குத்துக் கோடாக வரைவதே முறை. குழியாடி என்று காட்ட மேலும் கீழும் நுனியைச் சற்று வளைத்துவிட்டால் போதும். லென்சுக்கும் அப்படியே: கதிரை லென்சின் இரு பரப்பிலும் திருப்பாமல், நடுக்கோட்டில் ஒரே முறை திருப்ப வேண்டும்.

இப்போது மூன்று கதிர்கள். முதலாவது, பொருளின் நுனியிலிருந்து அச்சுக்கு இணையாகப் போய் ஆடிக் கோட்டை 2 செ.மீ. உயரத்தில் தொட்டு, குவியத்தின் வழியாகத் திரும்புவது. இரண்டாவது, குவியத்திலிருந்து வருவதுபோல் நுனியைத் தொட்டுப் போவது. அது ஆடிக் கோட்டை 6 செ.மீ. உயரத்தில் தொட்டு, அச்சுக்கு இணையாகத் திரும்பும். மூன்றாவது, வளைவு மையத்திலிருந்து வருவதுபோல் நுனி வழியாகப் போய், 3 செ.மீ. உயரத்தில் பட்டு, வந்த வழியே திரும்புவது. திரும்பிய மூன்று கதிர்களும் ஆடிக்கு முன்னால் சந்திப்பதில்லை. ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போகின்றன. அவற்றைப் புள்ளிக்கோடுகளாக ஆடிக்குப் பின்னால் நீட்டினால் மூன்றும் ஆடியிலிருந்து 6 செ.மீ.யில், அச்சுக்கு மேல் 6 செ.மீ. உயரத்தில் ஒரே புள்ளியில் வந்து சேர்கின்றன. அளவுத்திட்டப்படி அது 30 செ.மீ. தூரம், 6 செ.மீ. உயரம்.

பிம்பத்தைக் கண்டுபிடிக்க இரண்டு கதிர் போதும். மூன்றாவது சாட்சிக்கு. இரண்டு கோடுகள் எப்படிப் போட்டாலும் எங்காவது வெட்டிக்கொள்ளும்; மூன்றாவதும் அதே புள்ளிக்கு வந்தால்தான் அளவு சரி என்று நம்பலாம். புள்ளிக்கோடு, அம்புக்குறி இரண்டுக்கும் இதே வேலைதான். ஒளி உண்மையில் போகும் பாதைக்கு அம்புக்குறியோடு முழுக்கோடு, நாம் கற்பனையாக நீட்டியதற்கு அம்பில்லாத புள்ளிக்கோடு என்று கறாராக இருந்தால், பிம்பம் மெய்யா மாயமா என்பதை யோசிக்கவே வேண்டாம். முழுக்கோடுகள் சந்தித்தால் மெய், புள்ளிக்கோடுகள் சந்தித்தால் மாயம். அந்த மாணவர் இந்தப் படத்தை முதலில் போட்டிருந்தால், 'ஆடிக்கு முன்னால், மெய்' என்று எழுத அவர் கை வந்திருக்காது.

ஜன்னலும் கடலும்

லென்சுக்கு ஒரு கணக்கு. இது தாளில் பிறந்ததில்லை. ஒரு மாணவி தன் பாட்டியின் படிக்கும் கண்ணாடியைக் கொண்டுவந்தார். சீட்டில் +2.50 என்று இருந்தது. திறன் 2.5 டையாப்டர் என்றால் f = 1/2.5 மீ. = 40 செ.மீ. தூரத்துப் பொருளின் பிம்பத்தைத் திரையில் விழவைத்து, லென்சுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தை அளந்தால் அதுவே குவியத் தூரம் என்று செய்முறை வகுப்பில் படித்திருக்கிறோம். அறையின் ஒரு கோடியில் இருந்த ஜன்னல் கம்பிகளின் பிம்பத்தை எதிர்ச் சுவரில் தெளிவாக விழவைத்து அளந்தார். 46 செ.மீ. வந்தது. திறன் கணக்குப்படி 2.2 டையாப்டருக்கும் குறைவு. "கண்ணாடிக் கடையில பாட்டிய ஏமாத்திட்டாங்களா சார்?" என்று கேட்டார்.

யாரும் ஏமாற்றவில்லை. ஜன்னலுக்கும் லென்சுக்கும் இடையே 3 மீ. இருந்தது. 40 செ.மீ. குவியத் தூரத்துக்கு 3 மீ. என்பது 'முடிவிலி' ஆகிவிடாது. கணக்கைப் போட்டுப் பார்த்தோம்:

u = −300, f = +40, v = ?
1/v = 1/f + 1/u = 1/40 − 1/300 = 6.5/300
v = +46.2 செ.மீ.

அவர் அளந்ததும் அதுவே. m = v/u = 46.2/(−300) = −0.154. 15 செ.மீ. இடைவெளியில் இருந்த கம்பிகள் சுவரில் 2.3 செ.மீ. இடைவெளியில், தலைகீழாக விழுந்தன. ஸ்கேலை வைத்துச் சரிபார்த்தோம்.

அதே கணக்கை இன்னொரு பையன் u = +300 என்று போட்டு, 1/v = 1/40 + 1/300 = 8.5/300, v = 35.3 செ.மீ. என்றான். அளந்த 46 கையில் இல்லாவிட்டாலும் இது தவறு என்று படமே சொல்லிவிடும். மெய்ப் பொருளிலிருந்து லென்சுக்கு வரும் கதிர்கள் விரிந்துகொண்டுதான் வருகின்றன. அதிகபட்சம், பொருள் வெகு தூரத்தில் இருந்தால், இணையாக வரும். இணையாக வருவதையே லென்சு 40 செ.மீ.யில்தான் குவிக்கிறது என்றால், விரிந்து வருவதை அதற்கும் அப்பால்தான் குவிக்க முடியும். மெய்ப் பொருளுக்குக் குவிலென்சு தரும் மெய் பிம்பம் குவியத்துக்கு உட்பக்கம் விழாது. v என்பது f-ஐவிடக் குறைவாக வந்தால் u-வின் குறியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அப்படியானால் 'தூரத்துப் பொருள்' என்பது எவ்வளவு தூரம்? பாலவாக்கத்தில் இதற்குப் பதில் தெருக்கோடியில் கிடக்கிறது. மறுநாள் மாலை மொட்டை மாடிக்குப் போனோம். காலையில் போனால் சூரியன் கடல் பக்கம் நின்று கண்ணைக் கூசும். மாலையில் வெயில் நம் முதுகுக்குப் பின்னாலிருந்து படகுகள் மேல் அடிக்கும். திறந்த வெளிச்சத்தில் தாளில் பிம்பம் தெரியாது என்பதால், ஒரு அட்டைப் பெட்டியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, அதன் உள்சுவரில் வெள்ளைத் தாள் ஒட்டி, லென்சைப் பெட்டியின் வாயில் பிடித்தோம். சுமார் 1 கி.மீ. தொலைவில் ஒரு ஃபைபர் படகு. அந்தத் தூரத்துக்குக் கணக்குப்படி v = 40.02 செ.மீ. ஸ்கேலில் 40. படகு 8 மீ. நீளம் என்று கொண்டால் பிம்பம் 3 மி.மீ. சொச்சம், தலைகீழாக, ஒரு அரிசியைவிடச் சிறிதாக, தாளில் அசைந்துகொண்டிருந்தது.

பொருளின் தூரம் குவியத் தூரத்தைப்போல் நூறு மடங்கு இருந்தால், v-ஐ f என்று கொள்வதில் வரும் பிழை நூற்றுக்கு ஒன்று. ஜன்னல் ஏழரை மடங்குதான். அதனால்தான் பிழை நூற்றுக்குப் பதினைந்தைத் தொட்டது. இதே சோதனையைச் சூரியனை வைத்துச் செய்யத் தோன்றும். குவியத்தில் தாள் கருகும், லென்சு வழியே பார்த்தால் கண் போகும் என்பதால் அதை நான் அனுமதிப்பதில்லை.

பக்கக் கண்ணாடியில் வரும் பேருந்து

குவியாடிக் கணக்கில் குறிப் பிழை குறைவு. மெய்ப் பொருளுக்கு v எப்போதும் பிளஸாக, f-ஐவிடச் சிறிதாக வரும். விடையைப் புரிந்துகொள்வதில்தான் சிக்கல். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும் ஒரு காரின் பக்கக் கண்ணாடிக்கு வளைவு ஆரம் 1.2 மீ. என்று கொள்வோம்; f = +0.6 மீ. காருக்குப் பின்னால், கண்ணாடியிலிருந்து 9.4 மீ.யில் 3 மீ. உயரமுள்ள மாநகரப் பேருந்து.

1/v = 1/0.6 + 1/9.4
v = +0.564 மீ.
m = −0.564/(−9.4) = +0.06

பிம்பம் கண்ணாடிக்குள் வெறும் 56 செ.மீ. ஆழத்தில், 18 செ.மீ. உயரத்தில் நேராக நிற்கிறது. இங்கே ஒரு நல்ல சந்தேகம் எழும். பிம்பம் பேருந்தைவிட வெகு அருகில் இருக்கிறதே. பிறகு ஏன் கண்ணாடியில் 'தெரிவதைவிட வாகனங்கள் அருகில் உள்ளன' என்று எழுதுகிறார்கள்? தலைகீழாக அல்லவா எழுத வேண்டும்?

ஓட்டுநர் தூரத்தைப் பிம்பத்தின் இடத்தை வைத்து மதிப்பிடுவதில்லை. பேருந்து எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதை வைத்தே மதிப்பிடுகிறார். அவர் கண் கண்ணாடியிலிருந்து 0.6 மீ. தள்ளி இருந்தால், பிம்பம் கண்ணிலிருந்து 1.164 மீ. தூரத்தில் இருக்கும், 0.18-ஐ 1.164-ஆல் வகுத்தால் கோணம் 0.155 ரேடியன். அங்கே சமதளக் கண்ணாடி இருந்திருந்தால் 3 மீ. பேருந்து 10 மீ. தூரத்தில் தெரியும், கோணம் 0.3 ரேடியன். ஆக, பேருந்து பாதி அளவாகத் தெரிகிறது. பேருந்தின் நிஜ அளவு ஓட்டுநருக்குப் பழக்கம் என்பதால், 'இவ்வளவு சிறிதாகத் தெரிந்தால் 19 மீ. தூரத்தில் இருக்கும்' என்று மனம் கணக்குப் போடுகிறது. உண்மையில் அது 10 மீ.யில். v எங்கே என்று சூத்திரம் சொல்லும். எப்படித் தெரியும் என்பதற்குக் கண்ணையும் படத்தில் வரைய வேண்டும்.

காவலூரில் ஒரு பிளஸ் u

இதுவரை பார்த்த எல்லாக் கணக்கிலும் u மைனஸ். "u எப்பவும் மைனஸ்தானே சார்?" என்று கேட்காத வகுப்பு இல்லை. ஒரே ஆடி, ஒரே லென்சு, மெய்ப் பொருள் என்று இருக்கும்வரை ஆமாம். இரண்டாவது கருவி வந்ததும் அந்தப் பழக்கம் காலை வாரிவிடும். அதற்கு நல்ல உதாரணம் நம் மாநிலத்திலேயே, ஜவ்வாது மலையில் காவலூரில் நிற்கிறது.

இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு தொலைநோக்கி 1986-இல் செயலுக்கு வந்தது. அதன் முதன்மை ஆடி 2.34 மீ. விட்டமுள்ள குழியாடி. குவியத் தூரம் விட்டத்தைப்போல் 3.25 மடங்கு, அதாவது சுமார் 7.6 மீ. வானத்தில் நிலா ஏறத்தாழ 0.52 பாகை, அதாவது 0.0091 ரேடியன் அகலம். 7.6 மீ.யை அதனால் பெருக்கினால், முதன்மைக் குவியத்தில் நிலாவின் பிம்பம் சுமார் 7 செ.மீ. அகலம்.

அதே தொலைநோக்கியைக் காசிகிரெய்ன் முறையிலும் பயன்படுத்தலாம். முதன்மை ஆடியிலிருந்து மேலே ஏறிக் குவியப் போகும் ஒளியை, குவியும் முன்பே ஒரு சிறிய குவியாடி மறித்துக் கீழே அனுப்பும். அது முதன்மை ஆடியின் நடுவில் உள்ள துளை வழியாக வந்து அடியில் குவியும். இந்த முறையில் 3.25 என்ற விகிதம் 13 ஆகிறது. பிம்பம் நான்கு மடங்கு பெரிதாகிறது.

இந்தச் சிறிய ஆடிக்கு u எவ்வளவு? மூன்று படியாகப் போக வேண்டும். முதலாவது, எண்கோட்டைப் புதிதாக வைப்பது: பூஜ்யம் இப்போது சிறிய ஆடியின் முனை. இரண்டாவது, திசை: இந்த ஆடிக்குப் படுகதிர் கீழிருந்து மேலே போகிறது, ஆகவே மேல்நோக்கு பிளஸ். முதன்மை ஆடிக்கு ஒளி மேலிருந்து கீழே வந்தது. அங்கே கீழ்நோக்கு பிளஸ். கருவி மாறியதும் பிளஸ் திசை திரும்பிவிட்டது. மூன்றாவது, பொருள்: முதன்மை ஆடி உருவாக்கவிருந்த பிம்பம்தான் சிறிய ஆடிக்குப் பொருள். அது ஆடிக்கு மேலே, ஒளி போய்க்கொண்டிருந்த திசையில், ஒளி போய்ச் சேராத இடத்தில் இருக்கிறது. எனவே அது மாயப்பொருள், u பிளஸ்.

சிறிய ஆடி அந்தக் குவியத்துக்கு 2 மீ. முன்னதாக மறிக்கிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். நான்கு மடங்கு பெருக்கம் வேண்டும். பிம்பம் கீழே, படுகதிருக்கு எதிர்த் திசையில் விழ வேண்டும்.

u = +2, v = −8, f = ?
1/f = 1/v + 1/u = −1/8 + 1/2 = 3/8
f = +2.67 மீ.
m = −v/u = 8/2 = +4

f பிளஸாக வந்திருக்கிறது; குவியாடி வைத்திருப்பதோடு ஒத்துப்போகிறது. நிலாவின் பிம்பம் 7 செ.மீ. என்பதிலிருந்து 28 செ.மீ. ஆகிறது. u = −2 என்று பழக்க தோஷத்தில் போட்டிருந்தால் 1/f = −1/8 − 1/2, f = −1.6 என்று வந்து, அங்கே குழியாடி வேண்டும் என்று சொல்லியிருக்கும்.

விடையின் கடைசி இரண்டு எண்களையும் சேர்த்துப் படியுங்கள். v மைனஸ், அதாவது பிம்பம் ஆடிக்கு முன்னால், மெய். m பிளஸ், அதாவது தனக்கு வந்த மாயப்பொருளோடு ஒப்பிட்டால் நேரானது. மெய்யான, நேரான பிம்பம், ஒரே ஆடியிலிருந்து. பாலவாக்கத்து விடைத்தாளில் நான் சிவப்பு மையால் சுழித்த அதே இரண்டு சொற்கள்.

அங்கே நடக்காதது இங்கே நடக்கக் காரணம், ஒளி ஆடிக்கு வரும் விதம். மேசை மேல் உள்ள பொருளிலிருந்து கதிர்கள் விரிந்து வருகின்றன. காவலூரில் அவை ஏற்கெனவே குவிந்துகொண்டே சிறிய ஆடிக்கு வந்து சேர்கின்றன. மெய்ப் பொருளா மாயப்பொருளா என்று முதல் வரியில் u-வின் குறி சொல்லிவிடுகிறது. படத்தில் ஆடியைத் தொடும் முன் கதிர்கள் விரிகின்றனவா குவிகின்றனவா என்பதும் அதையே சொல்கிறது. அந்த மாணவரின் தாளில் முதல் வரியில் u-வுக்குக் குறியே இல்லை. கார்டீசியன் கண்ணோடு படித்தால், 10 என்று வெறுமனே எழுதிய அந்த எண்ணுக்கு +10 என்றுதான் பொருள். f-உம் வெறும் 15, அதாவது +15. அப்படிப் பார்த்தால் அவர் போட்டது வேறு ஒரு கணக்கு: ஒரு குவியாடியை நோக்கிக் குவிந்து வரும் ஒளி. அந்தக் கணக்குக்கு மெய்யான நேர்ப் பிம்பம், ஆடிக்கு முன்னால் 30 செ.மீ.யில், மும்மடங்கு என்பது முழுச் சரியான விடை.

தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது இதை அவரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பென்சிலை எடுத்து, ஆடியை ஒரு நேர்கோடாக வரைந்து, குவிந்து வரும் இரண்டு கதிர்களைப் போட ஆரம்பித்தார்.